6.50 பஸ்ஸும் சிவப்புக் கோடும்

மூதூரிலிருந்து திருகோணமலை டவுனுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எங்கட ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒரு மணித்தியாலம், கொஞ்சம் கூடக் குறைய." இந்த "கூடக் குறைய" என்ற சொல்லுக்குள்ளதான் எல்லாப் பிரச்சினையும் ஒளிஞ்சிருக்கு. எவ்வளவு கூட? எத்தனை நாளைக்குக் கூட? அதைக் கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. ஆனால் காலையில் எத்தனை மணிக்கு வெளிக்கிடுறது என்பதை முடிவு செய்ய எனக்குத் தேவைப்பட்டது அந்தக் "கூட" மட்டும்தான்.

நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறேன். படிப்பின் ஒரு பகுதியாக டவுனில் ஒரு அலுவலகத்தில் களப்பயிற்சி கிடைச்சது. காலை 8.30க்கு வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். இலங்கையில் அரச அலுவலகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், நேரம் வந்ததும் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு இழுத்து விடுவார்கள். கோட்டுக்கு மேல கையெழுத்து இருந்தால் நேரத்துக்கு வந்தவர். கீழ இருந்தால் பிந்தி வந்தவர். ஒரு நிமிசம் பிந்தினாலும் கோட்டுக்குக் கீழதான், அரை மணித்தியாலம் பிந்தினாலும் கீழதான். பயிற்சி அறிக்கையில் அந்தக் கோடு எண்ணப்படும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு சின்னக் கொப்பி வைச்சு நேரத்தைக் குறிக்கத் தொடங்கினேன்.

முதலில் பாதையைச் சொல்லி விடுறேன். எங்கட வீட்டிலிருந்து மூதூர் பஸ் நிலையத்துக்கு 8 நிமிச நடை. அது எந்த நாளும் மாறாது. பிறகு பஸ். மூதூரிலிருந்து கங்கை, உப்பாறு தாண்டி, கிண்ணியாவுக்குள்ளால போய், பெரிய பாலம் ஏறி, வெள்ளைமணல், சீனக்குடா வழியாக டவுன். பஸ் நிலையத்தில் இறங்கி அலுவலகத்துக்கு 12 நிமிச நடை. அதுவும் பெரிதாக மாறாது. ஆக, மாறுகிற பகுதி ரெண்டு. பஸ் எப்போது நகரும் என்பது ஒன்று, நகர்ந்த பிறகு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது மற்றது. காலையில் எனக்குப் பொருந்தக்கூடிய பஸ்கள் நான் பார்த்த அளவில் மூன்று: ஏறக்குறைய 6.30, 6.50, 7.10.

நான் பழகிப் போனது 6.50 பஸ்ஸில். அதனால் 6.50ஐ பூச்சியமாக வைச்சு, மேசையில் போய் இருக்கும் வரை எத்தனை நிமிசம் என்று எழுதினேன். பஸ் பிந்தி நகர்ந்தாலும் அந்தப் பிந்தல் கணக்குக்குள்ள வந்திடும். செப்டெம்பர் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் கடைசி வரை 20 வேலை நாள். அந்த 20 எண்ணையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் இப்படி வந்தது:

74, 75, 76, 76, 77, 78, 78, 79, 80, 80, 81, 82, 83, 84, 86, 88, 91, 95, 104, 118.

இந்த வரிசையை ஒரு நிமிசம் பாருங்கள். நடுவில் இருக்கிறது 80, 81. மிக வேகமாகப் போன நாள் 74, அதாவது நடுவை விட ஆறேழு நிமிசம்தான் குறைவு. ஆனால் மிக மெதுவாகப் போன நாள் 118, நடுவை விட 37 நிமிசம் கூட. ஒரு பக்கம் குட்டை, மற்றப் பக்கம் நீள வால். இது எங்கட றோட்டுக்கு மட்டும் உரியதில்லை. உலகத்தில் எந்தப் பயணத்தை அளந்தாலும் கிட்டத்தட்ட இந்த வடிவம்தான் வரும். காரணம் லேசானது. றோட்டு முழுக்க வெறுமையாக இருந்தாலும் பஸ் ஒரு அளவுக்கு மேல வேகமாக ஓட முடியாது, அதனால் மிச்சம் பிடிக்கக்கூடிய நேரத்துக்கு ஒரு எல்லை இருக்கு. பிந்துறதுக்கு அப்படி ஒரு எல்லை இல்லை. டயர் போகலாம், மாடு படுக்கலாம், கிண்ணியாவில் ஆள் ஏத்த நிண்டபடி நிக்கலாம்.

இப்ப பள்ளிக்கூடத்தில் படிச்ச மாதிரி சராசரி எடுத்தால் 84 நிமிசம் வருது. "சராசரியாக 84 நிமிசம், அப்ப 8.30க்கு 84 நிமிசம் முன்னுக்கு பஸ் ஏறினால் சரி" என்று நினைக்கத் தோன்றும். வரிசையில் 84ஐ விடக் கூடின எண்களை எண்ணிப் பாருங்கள்: 86, 88, 91, 95, 104, 118. ஆறு நாள். இருபதில் ஆறு நாள் சிவப்புக் கோட்டுக்குக் கீழ. சராசரி உங்களுக்குப் பயணம் எப்படி இருக்கும் என்று சொல்லும், எப்போது வெளிக்கிட வேண்டும் என்று சொல்லாது. ஊரார் சொல்லுகிற "ஒரு மணித்தியாலம்" இன்னும் மோசம். அது நல்லபடியாகப் போன நாளின் ஞாபகம். அதுவும் பஸ்ஸில் இருந்த நேரம் மட்டும். நிண்ட நேரத்தையும் நடந்த நேரத்தையும் ஆரும் சேர்க்கிறதில்லை.

ஆகவே கேள்வியை மாத்த வேண்டியிருந்தது. "எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்காமல், "இருபது நாளில் எத்தனை நாள் பிந்தினால் எனக்குத் தாங்கும்?" என்று கேட்டேன். ரெண்டு நாள் தாங்கும் என்றால் வரிசையின் கடைசி ரெண்டு எண்ணையும் வெட்டி விட்டு, மிஞ்சுகிறதில் பெரியதை எடுக்க வேண்டும். அது 95. 8.30க்கு 95 நிமிசம் முன்னுக்கு என்றால் 6.55. நாலு நாள் தாங்கும் என்றால் நாலை வெட்ட வேண்டும். 88 வரும், 7.02. ஒரு நாளும் பிந்தக் கூடாது என்றால் 118, அதாவது 6.32. எண்களை அடுக்குவது, வெட்டுவது, கழிப்பது. இதுக்கு மேல ஒரு கணிதமும் வேண்டாம்.

ஆனால் 6.55க்கு பஸ் இல்லையே! இங்கதான் சொந்தமாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் வருது. அவர்கள் ஒரு நேரத்தைத் தெரிவு செய்கிறார்கள். நாங்கள் ஒரு பஸ்ஸைத் தெரிவு செய்கிறோம். 6.31க்கு நிலையத்துக்கு வந்தாலும் 6.49க்கு வந்தாலும் போகிறது அதே பஸ்ஸில்தான். அதனால் மூன்று பஸ்ஸையும் வரிசையோடு வைச்சுப் பார்த்தேன். 7.10 பஸ் என்றால் கையில் இருக்கிறது 80 நிமிசம். வரிசையில் 80ஐத் தாண்டினது பத்து நாள். சரி பாதி, காசு சுண்டிப் பார்க்கிற மாதிரி. 6.50 என்றால் 100 நிமிசம். தாண்டினது 104உம் 118உம், ரெண்டு நாள். 6.30 என்றால் 120 நிமிசம். ஒண்டும் தாண்டவில்லை.

பத்து, ரெண்டு, பூச்சியம். இதில் எது நல்லது? பூச்சியம்தானே என்று உடனே சொல்லத் தோன்றும். எங்கட உம்மாவும் அதைத்தான் சொன்னா: "முதல் பஸ்ஸில போனா ஒரு கவலையும் இல்லையே மகள்." ஆனால் அதுக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். ஒரு பஸ் முன்னுக்குப் போனால் நாளுக்கு 20 நிமிசம், இருபது நாளைக்கு 400 நிமிசம் நித்திரையிலிருந்து போகுது. 7.10ஐ விட்டிட்டு 6.50க்கு வந்தால் அந்த 400 நிமிசத்துக்கு எட்டுப் பிந்தல் இல்லாமல் போகுது. ஒரு பிந்தலைத் தவிர்க்க 50 நிமிசம். 6.50ஐ விட்டிட்டு 6.30க்கு வந்தால் அதே 400 நிமிசத்துக்கு ரெண்டு பிந்தல்தான் தவிருது. ஒன்றுக்கு 200 நிமிசம். அதோட 6.30இல் போனால் சாதாரண நாளில் 7.50க்கே டவுன் அலுவலக வாசலில் நிற்பேன், கதவு பூட்டியிருக்கும். 6.50இல் போனால் 8.10க்குப் போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு உள்ள போகலாம். முதல் 20 நிமிசம் மலிவு, அடுத்த 20 நிமிசம் நாலு மடங்கு விலை. நீளமான வால் உள்ள எந்தப் பயணத்திலும் இப்படித்தான், கடைசி ஒன்றிரண்டு பிந்தலையும் துடைக்கப் போகும்போது விலை ஏறும்.

இந்தக் கணக்கை வேறு ஆட்களும் போட்டிருக்கிறார்கள். கென்னத் ஸ்மோல் என்ற பொருளியலாளர் 1982இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் காரில் வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வெளிக்கிடுகிறார்கள் என்பதை வைச்சு ஒரு ஆய்வு வெளியிட்டார். றோட்டில் செலவாகிற ஒரு நிமிசத்தின் பாரத்தை 1 என்று வைச்சால், முன்னுக்குப் போய்க் காத்திருக்கிற ஒரு நிமிசத்தின் பாரம் ஏறக்குறைய 0.6, பிந்துகிற ஒரு நிமிசத்தின் பாரம் ஏறக்குறைய 2.4 என்று அவருக்கு வந்தது. அதாவது ஒரு நிமிசம் பிந்துறது நாலு நிமிசம் வெள்ளனப் போறதுக்குச் சமன். இந்த நாலுக்கு ஒண்டு என்ற விகிதத்தை வைச்சுக் கணக்குப் போட்டால், ஐந்து நாளில் ஒரு நாள் பிந்துறதுதான் மொத்தத்தில் பாரம் குறைந்த வழி என்று வரும். பிந்தல் பத்து மடங்கு பாரம் என்றால் பதினொரு நாளில் ஒரு நாள். நூறு மடங்கு என்றால் நூறு நாளில் ஒரு நாள் கூட வராது. அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிருவாகம் பயணிகளுக்குச் சொல்லுகிற அளவு இருபது வேலை நாளில் ஒரு நாள், மாதத்துக்கு ஒரு பிந்தல்.

ஆகவே "சரியான நேரம்" என்று ஒன்று றோட்டில் எழுதி வைக்கப்படவில்லை. பாதி றோட்டில் இருக்கு, மற்றப் பாதி பிந்தினால் உங்களுக்கு என்ன நடக்கும் என்பதில் இருக்கு. என்னைப் பொறுத்தவரை மாதத்துக்கு ரெண்டு கோடு தாங்கும், எனவே 6.50. அதே றோட்டில், அதே பஸ்ஸில், உயர்தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு இந்தப் பதில் பொருந்தாது. பரீட்சைக்கு முதல் நாளே டவுனில் மாமி வீட்டில் போய்த் தங்குகிற எங்கட ஊர் வழக்கம் பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. அது சரியான கணக்கு.

பஸ்ஸைத் தெரிவு செய்த பிறகு இன்னொரு நேரம் மிஞ்சுது: நிலையத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறது? என்ர கொப்பியில் 6.50 பஸ் அநேகமாக 6.52க்கும் 6.58க்கும் இடையில்தான் நகர்ந்தது. ரெண்டு நாள் மட்டும் ஆள் நிறைஞ்சதால் 6.47க்கே போனது. இதைப் பார்த்து "எப்படியும் பிந்தித்தானே வெளிக்கிடும்" என்று 6.50க்கு நிலையத்துக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த ரெண்டு நாளில் மூன்று நிமிசத்துக்காக பஸ்ஸைத் தவறவிட்டால் இழக்கிறது மூன்று நிமிசம் இல்லை. அடுத்தது 7.10. இருபதில் ரெண்டு என்றிருந்தது அந்த நாளுக்கு மட்டும் இருபதில் பத்தாக மாறிடும். அதனால் நான் 6.34க்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டு 6.42க்கு நிலையத்தில் நிற்பேன். முழுப் பயணத்திலும் ஆக மலிவான பாதுகாப்பு இந்த எட்டு நிமிசம்தான். பஸ்களுக்கு இடையில் இடைவெளி கூடக் கூட இந்த எட்டு நிமிசத்தின் மதிப்பும் கூடும். அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பஸ் வருகிற கொழும்பில் இதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

உம்மாட "முதல் பஸ்" பழக்கமும் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவ இளம் வயதில் டவுனுக்குப் போனது கொட்டியாரக்குடாவுக்குள்ளால, லோஞ்சில. மூதூர் இறங்குதுறையிலிருந்து ஏறினால் ஒரு மணித்தியாலம் போல. கடலில் நெரிசல் இல்லை, ஓடுகிற நேரம் பெரிதாக மாறாது. ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போதோ. காத்துக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. "லோஞ்சி போயிட்டெண்டா அண்டைய நாளே போயிட்டு" என்பா. றோட்டால போறது என்றால் கிண்ணியாத் துறையில் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். (வெளியூர் வாசகர்களுக்கு: வாகனத்தையும் ஆளையும் ஏத்தி ஆத்தைக் கடக்கிற மிதவையைத்தான் இங்க பாதை என்பது.) பாதை எந்தக் கரையில் நிக்குது என்பதைப் பொறுத்துப் பயணமே மாறிடும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தபோது எல்லாரும் தூரம் குறைஞ்சதைத்தான் பேசினார்கள். எனக்கு அதை விட முக்கியமாகப் படுவது, அந்தக் காத்திருப்பு என்ற பெரிய நிச்சயமின்மை பயணத்திலிருந்து ஒரேயடியாகப் போனது. பாலம் சராசரியை மட்டும் குறைக்கவில்லை, வாலையும் வெட்டியது. அந்தக் காலத்து நிலைமைக்கு உம்மாட விதி சரியானது. இப்பத்தைய வரிசைக்கு அது விலை கூடினது.

சரி, அந்த ரெண்டு நாளுக்கும் வருவோம். கொப்பியில் நேரத்துக்குப் பக்கத்தில் காரணத்தையும் ஒரு சொல்லில் எழுதி வைச்சிருந்தேன். 118 நிமிசம் எடுத்த நாளுக்கு "பஸ் பழுது". உப்பாறு தாண்டி நிண்டிட்டுது, எல்லாரையும் இறக்கி அடுத்த பஸ்ஸில் ஏத்தினார்கள். 104க்கு "மழை". பிறகு மழை என்று எழுதியிருந்த எல்லா நாளையும் பொறுக்கிப் பார்த்தேன். நாலு நாள்: 83, 88, 95, 104. நாலும் நடுவுக்கு மேல. மழை நாளில் எல்லாமே ஒன்றாகப் பிந்துது. பஸ் மெதுவாக ஓடும். மோட்டார் சைக்கிளில் போகிற ஆட்களும் பஸ்ஸுக்கு வருவார்கள். கிண்ணியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி இறங்க இரட்டிப்பு நேரம் எடுக்கும். கடைசியில் டவுனில் என்ர 12 நிமிச நடை கூட 15 ஆகும்.

பழுதுக்கும் மழைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கு. பஸ் பழுதாகும் என்று காலையில் ஆருக்கும் தெரியாது. மழை பெய்யுதா என்று ஜன்னலைத் திறந்தால் தெரியும். முன்கூட்டியே தெரிகிற காரணத்தை மற்ற நாட்களோடு கலந்து ஒரே வரிசையில் வைச்சிருக்கத் தேவையில்லை. அதைப் பிரிச்சு எடுத்து அதுக்கு வேறு விதி வைக்கலாம். என்ர விதி இப்ப இதுதான்: காலை 5.45க்கு மழை பெய்தால் 6.30 பஸ், இல்லாட்டி 6.50. அந்த இருபது நாளுக்கு இதைப் பிரயோகிச்சுப் பார்த்தால், நாலு நாள் 20 நிமிசப்படி 80 நிமிசம் கூடச் செலவு, அதுக்கு ஒரு பிந்தல் குறையுது. ஒவ்வொரு நாளும் 6.30இல் போய் ஒரு பிந்தலுக்கு 200 நிமிசம் கொடுப்பதோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. மிஞ்சுகிறது பஸ் பழுதான நாள் மட்டும். அதை நான் விட்டு விட்டேன். அது என் கையில் இல்லை, பயிற்சிப் பொறுப்பாளருக்கும் அது விளங்கும்.

இந்த முறைக்குச் சில எல்லைகள் இருக்கு, அதையும் சொல்ல வேண்டும். இருபது நாள் என்பது சின்னக் கணக்கு. வரிசையின் நடுப்பகுதியை நம்பலாம், வாலின் நுனியை அவ்வளவு நம்ப முடியாது. இன்னும் இருபது நாள் எழுதியிருந்தால் 118ஐ விடப் பெரிய எண் ஒன்று வந்திருக்கலாம். "6.30இல் போனால் ஒருநாளும் பிந்தாது" என்பதற்கு "இது வரை பிந்தவில்லை" என்பதற்கு மேல அர்த்தம் இல்லை.

அடுத்தது, 6.50 பஸ்ஸை அளந்த எண்களை மற்ற ரெண்டு பஸ்ஸுக்கும் அப்படியே பொருத்திப் பார்த்திருக்கிறேன். உண்மையில் பஸ் மாறினால் றோட்டும் மாறும். பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்குது. 6.50 பஸ் கிண்ணியாவுக்குள்ள நுழைகிறது சரியாகப் பிள்ளைகள் வருகிற நேரத்தில். 6.30 பஸ் அதுக்கு முன்னுக்கே கடந்திடும். 7.10 பஸ் மணி அடிச்ச பிறகு வரும். சில நாள் மற்ற பஸ்களில் போய்ப் பார்த்த அளவில் 7.10 பஸ் கிண்ணியாவில் கொஞ்சம் லேசாகத்தான் கடக்குது. ஆனால் என்னுடைய முடிவை மாத்துகிற அளவுக்கு இல்லை. உங்கட பாதையில் அது மாத்தலாம். பள்ளிக்கூடம், சந்தை, கடமை மாறுகிற நேரம் போன்ற ஒன்று நடுவில் இருந்தால், பத்து நிமிசம் முன்னுக்குப் போனால் இருபது நிமிசம் மிச்சமாகலாம். இதை யோசித்துக் கண்டுபிடிக்க ஏலாது, ரெண்டு மூன்று நாள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிலர் பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் ஆக மோசமான நேரத்தை எடுத்துக் கூட்டுவார்கள். நிலையத்தில் ஆகக் கூடின காத்திருப்பு, கிண்ணியா வரை ஆகக் கூடின நேரம், அங்கிருந்து டவுனுக்கு ஆகக் கூடின நேரம் என்று கூட்டினால் ஆறு மணிக்கே வெளிக்கிட வேண்டி வரும். ஆனால் பஸ் பிந்தி நகர்ந்த நாளும் கிண்ணியாவில் சிக்கின நாளும் அநேகமாக வேறு வேறு நாள்கள். எல்லா மோசமும் ஒரே நாளில் சேர்ந்து வருவது மழை மாதிரி ஒரு பொதுக் காரணம் இருக்கும்போதுதான். அதனால்தான் வீட்டுக் கதவிலிருந்து மேசை வரை முழுசாக ஒரே எண்ணாக எழுத வேண்டும் என்கிறேன்.

நீங்களும் செய்து பார்க்க நினைச்சால் கொப்பியில் நாலு விசயம் போதும்: திகதி, எந்த பஸ், போய்ச் சேர்ந்த நேரம், ஒரு சொல்லில் காரணம். பிந்தின நாளை மட்டும் எழுத வேண்டாம். நல்ல நாளையும் எழுதாவிட்டால் வரிசை பொய் சொல்லும். இருபது நாள் சேர்ந்ததும் அடுக்கி, உங்களுக்குத் தாங்கக்கூடிய அளவுக்கு வலப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள்.

இதை எழுதுகிற இந்த நவம்பரில் மாரி தொடங்கிட்டுது. ஜன்னலைத் திறந்தால் அநேகமாக எல்லா நாளும் மழைதான். ஒக்டோபரில் நாலாக இருந்த மழை நாள் இப்ப வரிசை முழுக்க வரப்போகுது. பழைய இருபது எண்ணும் இனிச் செல்லாது. நேற்று கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி, 6.30 பஸ்ஸைப் பூச்சியமாக வைச்சு முதல் எண்ணை எழுதினேன்: 92.